காணாமல் போன எலுமிச்சம்பழம்: ஒரு கல்யாண மேடையில் தடம் மாறிய வித்தையும் அது மீண்ட விதமும்

நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வின் நாயகன் கல்லூரி இறுதியாண்டு மாணவர். சில வருஷங்களாக என்னிடம் மேஜிக் கற்று வருகிறார். பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் வீடு என்று சின்னச் சின்ன மேடைகள் ஏறிப் பழக்கம் உண்டு. பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பில் இருபது நிமிஷம் நிகழ்ச்சி செய்யச் சொல்லி அக்காவே கேட்டிருந்தார். நானும் அழைப்பின் பேரில் போயிருந்தேன், நடுவரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் நடந்தவற்றை அவரிடமும் அவர் தங்கையிடமும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேடை ஏறும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை, மாணவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

இறுதி வித்தையாக அவர் வைத்திருந்தது கடன் வாங்கிய நோட்டு எலுமிச்சம்பழத்துக்குள் வருவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மேடைகளில் எமில் ஜாரோ என்பவர் இதைச் செய்தே புகழ் பெற்றார். செய்முறை அச்சில் வந்து பல காலம் ஆகிவிட்டது, அதனால் விளக்கிச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. விளக்காமல் தவறு எங்கே நடந்தது என்பதும் புரியாது.

வித்தையின் அமைப்பு

பார்ப்பவர்களுக்குத் தெரிவது இதுதான். ஒருவரிடம் 500 ரூபாய் நோட்டு வாங்கப்படுகிறது. அதன் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். நோட்டு மொய்க் கவருக்குள் போகிறது. கவரைக் கிழித்தால் நோட்டு இல்லை. ஒரு பழத்தை அறுத்தால் உள்ளே சுருட்டிய நோட்டு, அதே எண்.

உள்ளே நடப்பது வேறு. பழத்துக்குள் இருப்பது கலைஞரின் சொந்த நோட்டு. அதன் எண் அவருக்கு மனப்பாடம். கடன் வாங்கிய நோட்டைக் கையில் விரித்துப் படிப்பதுபோல் பாவனை செய்து, மனப்பாடமாக இருக்கும் எண்ணைச் சொல்லிவிடுகிறார். கவரின் பின்பக்கம் ஒரு கீறல். உள்ளே நுழைத்த நோட்டு அந்தக் கீறல் வழியே உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து பைக்குப் போகிறது. கடைசியில் பழத்திலிருந்து வந்த நோட்டை உரியவருக்குக் கொடுத்துவிடுவார். அவருடைய நோட்டு கலைஞரிடம் தங்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

பழத்தைத் தயார் செய்வதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வது நீளமான பெரிய மஞ்சள் பழத்தை. நம் நாட்டு எலுமிச்சை உருண்டையாகச் சின்னதாக இருக்கும், தோலும் மெல்லிசு. 500 ரூபாய் நோட்டின் அகலம் 66 மில்லிமீட்டர். அப்படியே சுருட்டினால் பழத்தை விட நீளமாகிவிடும். அதனால் முதலில் நீளவாக்கில் இரண்டாக மடித்து 33 மில்லிமீட்டர் ஆக்கி, அப்புறம் ஒரு முனையிலிருந்து இறுக்கிச் சுருட்ட வேண்டும். காம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் பழமாகப் பொறுக்கி, கத்தி முனையால் காம்பை முழுசாகப் பெயர்த்து, அந்த இடத்தில் பென்சிலை மெதுவாக நேர்கீழாக இறக்கி வழி செய்ய வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கவாட்டில் தோல் பிய்ந்துவிடும். நோட்டை உள்ளே தள்ளியதும் வாய்ப்பகுதியை ஈரம் போகத் துடைத்து, காம்பைப் பசை போட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது, நிறைய பேர் தோற்பது இங்கேதான். நம் நோட்டு பருத்தி இழையால் ஆனது, சில மணி நேரம் சாற்றில் ஊறினாலும் கரையாது.

தம்பி இதை நன்றாகவே செய்திருந்தார். அன்று மாலை 4 மணி வாக்கில், மண்டபத்தின் மணமகள் அறையில், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பழத்தைத் தயார் செய்தார். அடையாளத்துக்குக் காம்பின் அருகே நீலப் பேனாவால் ஒரு புள்ளி. அதோடு இரண்டு சாதாரணப் பழங்களையும் சேர்த்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, மேடையின் ஓரத்தில் இருந்த சின்ன மேசையில் வைத்தார்கள்.

என்ன நடந்தது

வரவேற்பு ஆறரைக்குத் தொடங்கியது. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் வரும்போது கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து வரவேற்பது அந்தக் குடும்பத்தில் வழக்கம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து எதிர்பார்த்ததை விட அதிகம் பேர் வந்ததில் தட்டில் பழம் தீர்ந்துபோனது. பெண்ணின் அம்மா, அதாவது தம்பிக்குப் பெரியம்மா, கண்ணில் பட்ட கிண்ணத்திலிருந்து மூன்று பழத்தையும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். சமையற்கட்டிலிருந்து வேறு பழம் வந்ததும், "புள்ளை ஏதோ வச்சிருந்தானே" என்று நினைவாக அதிலிருந்து மூன்றைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார்.

எடுத்ததோடு விட்டிருந்தால் காலிக் கிண்ணம் காட்டிக் கொடுத்திருக்கும். பொறுப்பாகத் திரும்ப வைத்ததால் எல்லாம் இருந்தது இருந்தபடியே தெரிந்தது. எட்டு மணிக்கு மேல் நிகழ்ச்சி தொடங்குமுன் தம்பி கிண்ணத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று பழம் இருந்தது, சரி என்று திரும்பிவிட்டார். எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிர புள்ளியைத் தேடவில்லை.

முதல் இரண்டு வித்தைகள் நன்றாகப் போயின. மூன்றாவதாக இறுதி வித்தையை எடுத்தார். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் 500 ரூபாய் கொடுத்தார். தம்பி மனப்பாட எண்ணைப் படிக்க, மாப்பிள்ளையின் தம்பி அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். ஒரு ரூபாய் காசு ஒட்டிய மொய்க் கவரில் நோட்டு போனது. கவர் கிழிந்தது. ஒரு ரூபாய் காசு மட்டும் தரையில் உருள, கூட்டம் கை தட்டியது.

தங்கை கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தம்பி ஒரு பழத்தை எடுத்துத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதையும். பார்ப்பவர்களுக்கு நல்ல பழமாகத் தேர்ந்தெடுப்பதுபோல்தான் இருந்திருக்கும். எனக்கு மூன்றாவது பழத்தில் புரிந்துவிட்டது. ஒத்திகையில் அவர் இரண்டாவது பழத்தை எடுப்பதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். இப்போது வாய் மூடியே இருந்தது.

அந்த நேரத்தில் இருந்த வழிகள்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. அந்தச் சில நொடிகளில் அவர் முன்னால் என்னென்ன இருந்தன?

கடன் வாங்கிய நோட்டு அவர் பையில் இருந்தது. அதைச் சுருட்டி உள்ளங்கையில் மறைத்து, ஏதோ ஒரு பழத்தை அறுக்கும்போது பிளவுக்குள் கட்டைவிரலால் தள்ளி எடுத்துக் காட்டலாம். இந்த முறையையும் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன், கை பழகியும் இருந்தது. ஆனால் அழைப்பிதழில் எழுதியிருப்பது அந்த நோட்டின் எண் அல்ல. மாப்பிள்ளையின் தம்பி ஒப்பிட்டுப் பார்த்த அடுத்த நொடியே சாயம் வெளுத்துவிடும். எண்ணைத் தானே படிப்பதாகச் சொல்லி மறுபடியும் மாற்றிப் படிக்கலாம். பழத்திலிருந்து வந்த நோட்டை எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள், அங்கே மாட்டிக்கொள்வார்.

நோட்டைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு முடிக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வித்தையில் அதுவும் முழு உண்மையாக இருக்காது, எண் ஒப்பிடப்பட்டால் புது கேள்வி முளைக்கும்.

அவருக்கு உதவியது வேறொன்று. நோட்டு எங்கே போகும், எதிலிருந்து வரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லவில்லை. "இந்த நோட்டு எலுமிச்சம்பழத்துக்குள் போகப் போகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நிகழ்ச்சி உடைந்திருக்கும். முடிவைச் சொல்லாமல் வைத்திருப்பது மேஜிக்கில் பழைய விதி, ஆச்சரியத்துக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பிக்கும் வாசலைத் திறந்து வைப்பதும் அதுதான். கூட்டத்தைப் பொறுத்தவரை ஒரு நோட்டு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பிழை நடந்தது மேடையில் இருந்த இருவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

எடுத்த முடிவும் காரணமும்

தம்பி கிண்ணத்தைத் தங்கையிடமே திரும்பக் கொடுத்தார். கொடுக்கும்போது தலை குனிந்து, "புள்ளி இல்ல. பழம் மாறிருச்சு. பாரு" என்றார். தங்கை, "சரிண்ணா" என்று கிண்ணத்தோடு இறங்கிவிட்டார்.

அப்புறம் நோட்டுக்குச் சொந்தக்காரரிடம் திரும்பி, "அண்ணே, உங்க பணம் எங்க போச்சுன்னு தேடணும். கொஞ்சம் டைம் குடுங்க. நம்பர் அவர்கிட்ட பத்திரமா இருக்கு" என்றார். நண்பர் கூட்டம் சிரித்தது. அழைப்பிதழ் வைத்திருந்தவரை முன்வரிசையிலேயே உட்காரச் சொன்னார். முதலில் வேறொரு உறவுக்கூட்டத்தில் செய்வதாக வைத்திருந்த, அன்றைய பட்டியலில் இல்லாத கயிறு வித்தையைப் பையிலிருந்து எடுத்தார். மூன்று வெவ்வேறு நீளக் கயிறுகள் ஒரே நீளமாகும் வித்தை. அதற்கு மேசை வேண்டாம், உதவியாளர் வேண்டாம், எப்போதும் அவர் பையில் கிடக்கும்.

வித்தையைப் பாதியில் நிறுத்துவது ஆபத்தான காரியம். 1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் இந்திய மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் வித்தையைச் செய்தபோது, அந்தப் பெண் எழுந்திருக்குமுன் நிகழ்ச்சி முடிக்கப்பட்டது. பெண் இறந்துவிட்டாரோ என்று பதறிய நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. சர்க்காருக்கு அது பெரும் விளம்பரமாக முடிந்தது, ஆனால் பாதியில் நிற்கும் வித்தை பார்ப்பவரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதற்கு அது சான்று. கடன் வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு நிறுத்தினால் அலைக்கழிப்பு சந்தேகமாக மாறும். தம்பி அதை மூன்று காரியங்களால் தவிர்த்தார்: வித்தை முடியவில்லை என்று வாயால் சொன்னார், பணத்துக்கு உரியவரைப் பெயர் சொல்லாமல் கண்ணால் அடிக்கடி தொட்டார், எண் எழுதிய அட்டையைக் கூட்டத்தின் பார்வையிலேயே வைத்தார்.

கயிறு வித்தை ஓடிக்கொண்டிருந்தபோது தங்கை நேராகப் பெரியம்மாவிடம் போயிருக்கிறார். பெரியம்மா சொன்னதும் விஷயம் விளங்கிவிட்டது. பழம் வாசல் தட்டுக்குப் போயிருக்கிறது, தட்டிலிருந்து சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் கைக்கு. முன்வரிசையில் ஐந்தாறு பேர் கையில் பழம் இருந்தது. தங்கை ஒரு தண்ணீர்த் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்தபடியே பார்த்து வந்தார். மாப்பிள்ளையின் தாத்தா பழத்தை விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டே கயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். பழம் சுழலும்போது நீலப் புள்ளி வந்து போனது. ஒட்டிய காம்பின் மேலேயே அவர் கட்டைவிரல் இருந்தது. தங்கை பழத்தைக் கேட்கவில்லை, தொடவும் இல்லை. அவர் அருகிலேயே தட்டோடு நின்று மேடையைப் பார்த்தார். என் கணக்கில் அன்றைய மாலையின் மிகச் சிறந்த காரியம் அதுதான். வாங்கி அண்ணன் கையில் கொடுத்திருந்தால் வித்தை செத்திருக்கும்.

முடிவு

கயிறு வித்தைக்குக் கை தட்டல் அடங்குமுன் தம்பி மேடையிலிருந்து இறங்கி வந்தார். தாத்தாவின் முன்னால் குனிந்து, "தாத்தா, உங்க கையில இருக்கற பழத்தை எப்ப வாங்குனீங்க?" என்று மைக்கை நீட்டினார்.

"உள்ள வரும்போது பொண்ணோட அம்மா குடுத்தாங்க."

"அதுக்கப்புறம் நான் அதைத் தொட்டேனா?"

"நீ எங்க தொட்ட? நீ மேடையிலல்ல நிக்கிற."

பிழையாக நடந்த ஒன்று அந்த ஒரு பதிலால் வித்தையின் பலமாக மாறியது. நோட்டு கடன் வாங்கப்பட்டதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே பழம் தாத்தா கையில் இருந்திருக்கிறது. மேடைக் கிண்ணத்திலிருந்து எடுத்திருந்தால் இவ்வளவு வலுவான சாட்சி கிடைத்திருக்காது. ரகசியம் எண்ணில் இருந்ததே தவிர பழம் இருக்கும் இடத்தில் இல்லை, அதனால் பழம் எவ்வளவு தூரம் போனாலும் வித்தைக்குச் சேதமில்லை. அறையில் இருந்தால் போதும்.

ஆனால் இன்னொரு முடிச்சு இருந்தது. அறுக்கலாமா என்று கேட்டதும் தாத்தா யோசித்தார். "மரியாதைக்குக் குடுத்த பழம்டா தம்பி, இதைப் போய் அறுக்கறதா?" என்றார். சபையில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் சொன்ன சொல். தம்பி அவசரப்படவில்லை. தங்கை கையிலிருந்து வேறொரு பழத்தை வாங்கி, பெரியப்பாவை அருகே அழைத்து அவர் கையால் தாத்தாவுக்குக் கொடுக்க வைத்தார். "மரியாதை உங்ககிட்டயே இருக்கட்டும் தாத்தா. இதை மட்டும் எனக்குக் குடுங்க" என்றார். தாத்தா சிரித்து, பழைய பழத்தை நீட்டினார்.

கத்தியைத் தாத்தா கையிலேயே கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததாகத் தம்பி பிறகு சொன்னார். கை நடுக்கம் இருக்கும் வயது, வேண்டாம் என்று விட்டிருக்கிறார். சரியான முடிவு. வழக்கம்போல் நடுவில் சுற்றி வர மேலோட்டமாகக் கீறி, இரண்டு பாதிகளையும் திருகிப் பிரித்தார். ஒரு பாதியில் நோட்டுச் சுருள் குத்திட்டு நின்றது. நேராக வெட்டியிருந்தால் நோட்டும் வெட்டுப்படும் என்பதால்தான் இப்படித் திருகுவது. சாறு சொட்ட அதை உருவி, விரிக்காமலே மாப்பிள்ளையின் தம்பியிடம் கொடுத்தார். அவர் விரித்து எழுத்து எழுத்தாகப் படிக்க, அழைப்பிதழை இன்னொருவர் சரி பார்த்தார். எண் பொருந்தியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மட்டும் எழுதினால் ஆய்வு முழுமையாகாது. இருபது நிமிஷ நிகழ்ச்சி அரை மணியைத் தாண்டியது. பந்திக்கு இலை போட்டுக் காத்திருந்தார்கள், பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நானே கண்டேன். சாப்பாட்டு வரிசையில் மாப்பிள்ளை வீட்டு இளைஞர் ஒருவர் தம்பியிடம் வந்து, "பழம் மொதல்லயே ரெடி. நம்பரைத்தான் நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க, கரெக்டா?" என்று கேட்டார். பழம் முன்கூட்டியே வெளியே போனது அதிசயத்தைக் கூட்டியதுபோலவே, யோசிப்பவருக்கு வழியையும் காட்டிவிட்டது. பழத்துக்கு நோட்டு போகவே முடியாது என்றால் எண்தான் பொய் என்று அவர் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நல்ல கேள்வி என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். தாத்தா பழத்தைப் பையில் போட்டிருந்தாலோ, சாப்பிடப் போயிருந்தாலோ, ஒட்டிய காம்பு கையோடு வந்திருந்தாலோ கதை வேறு. அப்படி ஆகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். கயிறு முடிந்ததும் உரியவரிடம் போய், "உங்க பணத்தை நான் பத்திரமா வச்சிருக்கேன், பாக்கி வித்தை நாளைக்கு முகூர்த்தத்துக்கு வந்தா பாக்கலாம்" என்று அவருடைய நோட்டை மடித்தபடியே அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு இறங்கியிருப்பேன் என்றார். முழு வித்தை இல்லைதான். பணம் திரும்பிவிடும், எண் ஒப்பிடும் பேச்சு எழாது. கயிற்றைக் கையில் எடுக்கும்போதே இதை அவர் தீர்மானித்துவிட்டிருந்தார் என்பதால், பழம் கிடைத்திருக்காவிட்டாலும் அவர் எடுத்த முடிவு சரியென்றே எழுதியிருப்பேன்.

இனி என்ன மாற வேண்டும்

முதலாவது, கல்யாண வீட்டில் எலுமிச்சம்பழம் மேஜிக் சாமான் இல்லை, புழங்கும் பொருள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம் எல்லாமே அப்படித்தான். மேடை ஓரத்தில் திறந்து கிடந்தால் யாராவது எடுப்பார்கள், எடுத்தவர் மேல் குறை சொல்ல முடியாது. மூடி போட்ட டப்பாவில் போட்டுத் தங்கையின் கைப்பையில் வைத்திருந்து, வித்தை தொடங்கும்போது கிண்ணத்துக்கு மாற்றினால் போதும்.

இரண்டாவது, வரிசை. அவர் முதலில் எண்ணைச் சொன்னார், பழத்தைக் கடைசியில்தான் கையில் எடுத்தார். இதைத் தலைகீழாக்க வேண்டும். நோட்டைக் கேட்கும் முன்பே கிண்ணத்தை எடுத்துப் பழங்களை உருட்டி, வேறு ஏதோ பேசிக்கொண்டே புள்ளியைப் பார்த்துவிட வேண்டும். புள்ளி இல்லையென்றால் நோட்டே கேட்காமல் வேறு வித்தைக்குப் போய்விடலாம், யாரும் அறிய மாட்டார்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பழத்தை இரண்டு வேறு நோட்டோடு தயார் செய்து, ஒன்றுக்கு ஒரு புள்ளி, மற்றதுக்கு இரண்டு புள்ளி வைத்தால், கையில் எது இருக்கிறதோ அதன் எண்ணைச் சொல்லலாம்.

மூன்றாவது, எண்ணை மாற்றிச் சொல்லும் முறையையே கைவிடச் சொல்லியிருக்கிறேன். கடன் வாங்கிய நோட்டை மடிக்கும் சாக்கில் தன் பங்குக்கு வைத்திருக்கும் நோட்டோடு மாற்றிக்கொள்ளும் முறை இருக்கிறது. அதற்கும் பழத்து நோட்டின் எண்ணோடு பொருந்த வழி வேண்டும் என்பதால், எண்ணுக்குப் பதில் உரியவரின் கையெழுத்தை வைத்து, அதே நோட்டைப் பழத்துக்குள் அறுக்கும்போதே நுழைப்பதுதான் சுத்தம். நோட்டில் பேனாவால் எழுதுவது முறையல்ல. ஒரு சின்னச் சீட்டில் கையெழுத்து வாங்கி நோட்டோடு சேர்த்துச் சுருட்டிக்கொள்ளலாம். கை வேலை கூடுதல். ஆனால் அந்த இளைஞரின் கேள்விக்கு இடம் இருக்காது. தம்பி இப்போது தினமும் மாலையில் ஈரப் பழத்தோடு இதைத்தான் பழகுகிறார். சாறு பட்ட விரலில் சுருள் வழுக்குகிறது, அது இன்னும் தீரவில்லை.

தங்கைக்கும் அடுத்த நிகழ்ச்சியிலிருந்து தனிப் பட்டியல் உண்டு: என்னென்ன சாமான், எது எங்கே, எது காணாமல் போனால் யாரிடம் கேட்பது. அன்று அவர் சொல்லாமலே செய்ததை இனி சொல்லி வைத்துச் செய்யப் போகிறார்கள்.